ஐடிசி ஒத்துப்பார்ப்பு: பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், சப்ளையர் பில், 2பி மூன்றையும் பில் பில்லாகச் சேர்ப்பது எப்படி

மதுரையில் பெயிண்ட், டைல்ஸ், குழாய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மாதா மாதம் ரிட்டர்ன் போடும் கடை. 2025 மே மாதப் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரைக் கூட்டினால் உள்ளீட்டு வரி, அதாவது ஐடிசி, ₹1,66,500 வருகிறது. ஜூன் 14 அன்று ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்த ஜிஎஸ்டிஆர்-2பியில், அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலில், ₹1,74,060 இருக்கிறது. வித்தியாசம் ₹7,560 மட்டுமே. அதுவும் ரிஜிஸ்டர் தொகைதான் குறைவு. "2பியில் இருப்பதைவிடக் குறைவாகத்தானே எடுக்கிறோம், நோட்டீஸ் வராது" என்று ரிஜிஸ்டர் தொகையை அப்படியே ஜிஎஸ்டிஆர்-3பியில், அதாவது நாம் வரி கட்டும் ரிட்டர்னில், போட்டுவிடத் தோன்றும்.

அப்படிப் போட்டால் இந்தக் கடை ₹18,000 கூடுதலாக ஐடிசி எடுத்ததாகிவிடும். அந்த மாதம் எடுக்கக்கூடிய சரியான தொகை ₹1,48,500. இரண்டு மொத்தங்களும் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், இரண்டு பக்கமும் உள்ள தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருப்பதுதான். போர்ட்டலின் தானியங்கிச் சோதனை 3பியில் எடுத்த ஐடிசி 2பியை மீறியிருக்கிறதா என்று மொத்தத்தைத்தான் பார்க்கும். அதனால் இந்தத் தவறுக்கு உடனே எந்த எச்சரிக்கையும் வராது. பின்னால் தணிக்கையில் பில் பில்லாகக் கேட்கும்போதுதான் வெளியே வரும். தவறாக எடுத்துப் பயன்படுத்திய தொகைக்கு வட்டி ஆண்டுக்கு 18%.

ஆகவே மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதை ஒத்துப்பார்த்தல் என்று எண்ண வேண்டாம். வித்தியாசமாக நிற்கும் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்கு ஏற்ப 3பியில் அது எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்றும் சொல்ல வேண்டும். அதை இந்தக் கடையின் மே மாதக் கணக்கிலேயே செய்துபார்ப்போம்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

ஒரு பில்லின் வரியை எடுக்க, ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவு சில நிபந்தனைகள் வைக்கிறது. பில் கையில் இருக்க வேண்டும். சரக்கோ சேவையோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் அந்தப் பில்லைக் காட்டி, அது நம் 2பியில் வந்திருக்க வேண்டும். அந்த வரி அரசுக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றோடு, 17(5)ஆம் பிரிவு தடுத்துவைத்த செலவாக அது இருக்கக் கூடாது.

நம் கையில் இருக்கும் மூன்று ஆவணங்களில் எதுவும் தனியாக இத்தனையையும் சொல்லாது. ரிஜிஸ்டர் நாம் எண்ட்ரி போட்டதைச் சொல்கிறது. 2பி சப்ளையர் அரசிடம் சொன்னதைச் சொல்கிறது. பில்லும் அதோடு வந்த லாரி ரசீதும் உண்மையில் நடந்ததைச் சொல்கின்றன. முதல் இரண்டும் முரண்படும்போது மூன்றாவதை எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

முன்பு 2பியில் வராத பில்லுக்கும் ஒரு சதவீதம் வரை எடுக்க இடம் இருந்தது. 20%, 10%, 5% என்று அது குறைந்துவந்து, 2022 ஜனவரி 1 முதல் முழுவதும் நின்றுவிட்டது. இப்போது 2பியில் இல்லாத சாதாரணப் பில்லுக்கு அந்த மாதம் ஐடிசி கிடையாது. பழைய பழக்கத்தில் யாராவது "அஞ்சு பர்சன்ட் வரைக்கும் எடுக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தேதிகள்

மே மாதத்துக்கு மாதாந்திர சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 போடக் கடைசி நாள் ஜூன் 11. காலாண்டு ரிட்டர்ன் போடும் சிறிய சப்ளையர், விரும்பினால் ஐஎஃப்எஃப் என்ற வசதியில் ஜூன் 13க்குள் தன் மே மாதப் பில்களைக் காட்டலாம். காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஜூன் 14 அன்று நமக்கு 2பி உருவாகும். நாம் 3பி போடக் கடைசி நாள் ஜூன் 20.

மாதாந்திர சப்ளையர் ஜூன் 12 அன்று போட்டால், ஒரே நாள் தாமதமானாலும், அவருடைய பில்கள் நம் மே மாத 2பியில் வராது. அடுத்த மாதத்தில்தான் வரும். "நான் போட்டுட்டேனே" என்று அவர் சொல்வதும் உண்மை, "என் 2பியில் இல்லையே" என்று நாம் சொல்வதும் உண்மை. அவரிடம் கேட்க வேண்டியது எந்தத் தேதியில் போட்டார் என்பதை.

இன்னொன்று. முந்தைய மாத 3பியை நாம் போடாமல் வைத்திருந்தால் இந்த மாத 2பி உருவாகவே உருவாகாது. 14ஆம் தேதி 2பி வரவில்லை என்றால் முதலில் நம் பாக்கியைப் பாருங்கள்.

முதல் வேலை: ரிஜிஸ்டரைப் பில்லோடு சரிபார்ப்பது

2பியைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பில் ஃபைலை எடுத்து, ரிஜிஸ்டரின் ஒவ்வொரு வரிக்கும் பில் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் நம் பதிவு எண்ணான ஜிஎஸ்டிஎன் சரியாக அச்சாகியிருக்கிறதா என்பது முக்கியம். 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இரண்டு மாநிலங்களில் பதிவு வைத்திருப்பவர்களுக்கு இந்த முதல் இரண்டு எண்ணில்தான் தவறு அதிகம் வரும்.

பிறகு வரியின் வகை. தமிழ்நாட்டு சப்ளையர் தமிழ்நாட்டுக் கடைக்கு விற்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், வெளிமாநிலத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி. டாலியில் பார்ட்டி லெட்ஜரில் மாநிலம் தவறாக இருந்தால் அந்தப் பார்ட்டியின் எல்லாப் பில்லும் தவறான தலைப்பில் போயிருக்கும். மொத்தத் தொகை சரியாக இருப்பதால் கண்ணில் படாது.

மூன்றாவது, சரக்கு வந்த தேதி. ரிஜிஸ்டரில் இதற்கென ஒரு பத்தி இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் இது எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பீர்கள்.

ரிவர்ஸ் சார்ஜ் பில்களை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துவிடுங்கள். 2பியில் `Supply Attract Reverse Charge` என்ற பத்தியில் `Yes` என்று இருப்பவை அவை. அவற்றின் வரியை நாமே கட்டி, 3பியில் வேறு வரியில் எடுக்க வேண்டும். கலந்துவிட்டால் கணக்கு ஒருபோதும் சேராது.

இரண்டாவது வேலை: இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது

போர்ட்டலில் 2பியை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் `B2B` என்ற தாளில் சாதாரணப் பில்களும், `B2B-CDNR` தாளில் கிரெடிட் நோட், டெபிட் நோட்களும், `B2BA` தாளில் சப்ளையர் திருத்திய பழைய பில்களும் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். மூன்றும் வேண்டும்.

ஒரு புதிய எக்செல் கோப்பில் `REG`, `2B` என்று இரண்டு தாள்கள் வைத்து, இரண்டிலும் ஒரே வரிசையில் பத்திகளை அமையுங்கள். A பத்தியில் சப்ளையர் ஜிஎஸ்டிஎன், B பில் எண், C தேதி, D வரிக்கு உட்பட்ட மதிப்பு, E ஐஜிஎஸ்டி, F சிஜிஎஸ்டி, G எஸ்ஜிஎஸ்டி, H மொத்த வரி. கிரெடிட் நோட்டின் தொகைகளை மைனஸில் போடுங்கள். ஒட்டுவதற்கு முன்பே பில் எண் பத்தியை டெக்ஸ்டாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எக்செல் `0045` என்பதை 45 ஆக்கிவிடும். `6-25` போன்ற எண்ணைத் தேதியாக மாற்றிவிடும்.

அடுத்து I பத்தியில் ஒரு சாவி. ஜிஎஸ்டிஎன்னையும் பில் எண்ணையும் ஒட்டி, இடையில் உள்ள சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது இது:

```
=TRIM(A2)&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(B2),"/",""),"-","")," ","")
```

J பத்தியில் வித்தியாசம். இதே வாய்பாட்டை இரண்டு தாளிலும் போடலாம்:

```
=SUMIFS('2B'!H:H,'2B'!I:I,I2)-SUMIFS(REG!H:H,REG!I:I,I2)
```

விடை பூஜ்யம் என்றால் பில் சேர்ந்துவிட்டது. ஒரு ரூபாய் வரை வித்தியாசம் இருந்தால் அது ரவுண்டிங்தான், விட்டுவிடலாம். பலர் இங்கே விஎல்லுக்கப் போடுகிறார்கள். ரிஜிஸ்டரில் ஒரே பில் இரண்டு மூன்று வரிகளாக இருந்தால் விஎல்லுக்கப் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே உள்ள வாய்பாடு எல்லா வரிகளையும் கூட்டிவிடுகிறது.

மொத்த வரி சேர்ந்தால் போதாது. ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி மூன்றும் தனித்தனியாகச் சேர வேண்டும். H பத்தியின் இடத்தில் E, F, G போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வேலை: சேராதவற்றைப் பிரிப்பது

நம் மதுரைக் கடையில் ₹1,42,200 வரி உள்ள பில்கள் முதல் ஓட்டத்திலேயே சேர்ந்துவிட்டன. மீதி, ரிஜிஸ்டர் பக்கம் மூன்று பில்களும் 2பி பக்கம் நான்கு பில்களும் ஒரு கிரெடிட் நோட்டும். எல்லாவற்றுக்கும் வரி 18% என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எண் தவறுகளை எடுத்துவிட வேண்டும். பில் எண்ணை விட்டுவிட்டு, ஜிஎஸ்டிஎன்னும் வரித் தொகையும் ஒன்றாக இருக்கும் ஜோடி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தக் கடையில் ₹45,000 மதிப்பு, ₹8,100 வரி உள்ள ஒரு பில் ரிஜிஸ்டரில் 1078 என்றும் 2பியில் 1087 என்றும் நிற்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தால் 1087தான். நம் எண்ட்ரி தவறு. திருத்தியதும் சேர்ந்துவிடும். பில்லைப் பார்க்காமல் தொகை ஒன்றாக இருக்கிறதே என்று மட்டும் சேர்த்துவிடக் கூடாது. ஒரே பார்ட்டியிடம் வாராவாரம் ஒரே அளவு சரக்கு எடுக்கும் கடையில், அது இரண்டு வெவ்வேறு பில்லாக இருக்கலாம்.

இப்போது ரிஜிஸ்டரில் மட்டும் இருப்பவை இரண்டு.

ஒன்று, ₹60,000 மதிப்பு, ₹10,800 வரி. சப்ளையர் காலாண்டு ரிட்டர்ன் போடும் சிறிய குழாய் வியாபாரி. மே மாதத்துக்கு ஐஎஃப்எஃப் போடவில்லை. இதில் தவறு எதுவும் இல்லை. அவர் ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் சேர்த்து ஜூலை 13க்குள் போடுவார், நமக்கு ஜூலை 14 அன்று வரும் ஜூன் 2பியில் கிடைக்கும். அதுவரை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட சப்ளையர்களை லெட்ஜரிலேயே குறித்துவைத்தால் மாதா மாதம் தொலைபேசியில் துரத்த வேண்டியதில்லை.

இரண்டு, ₹30,000 மதிப்பு, ₹5,400 வரி. சப்ளையர் மாதாந்திரம், நேரத்தில் ரிட்டர்ன் போட்டுவிட்டார், அவருடைய மற்ற பில்கள் 2பியில் இருக்கின்றன. இது மட்டும் இல்லை. இந்த அடையாளம் முக்கியம். ஒரு சப்ளையரின் எல்லாப் பில்லும் இல்லையென்றால் அவர் ரிட்டர்ன் போடவில்லை அல்லது தாமதமாகப் போட்டார் என்று பொருள். ஒரு பில் மட்டும் இல்லையென்றால் வேறு கடையின் ஜிஎஸ்டிஎன்னில் போட்டிருப்பார், அல்லது பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டியிருப்பார், அல்லது அந்தப் பில்லையே விட்டிருப்பார்.

கேட்கும்போது "உங்க பில் வரல" என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. அவர் தன் ஆடிட்டரிடம் அப்படியே அனுப்பக்கூடிய செய்தியாக அனுப்புங்கள்: "அண்ணாச்சி, உங்க 23.05.2025 தேதி பில், மதிப்பு 30,000, வரி 5,400, எங்க மே மாச 2பியில வரல. உங்க மத்த பில்லு ரெண்டும் வந்திருக்கு. இந்த ஒண்ணு எந்த ஜிஎஸ்டிஎன்ல ஏறியிருக்குன்னு ஆடிட்டர்கிட்ட பாக்கச் சொல்லுங்க. பில் போட்டோ அனுப்பியிருக்கேன், எங்க நம்பர் அதுலயே இருக்கு." இந்தக் கடையின் விஷயத்தில் வேறொரு வாடிக்கையாளரின் எண்ணில் ஏறியிருந்தது. அவர் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் திருத்தினால், நம் அடுத்த 2பியில் `B2BA` தாளில் வரும். அந்தத் தாளை விட்டுவிடக் கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இனி 2பியில் மட்டும் இருப்பவை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 2பியில் வந்துவிட்டதே, எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும். 2பி எடுக்கலாம் என்று சொல்லும் அனுமதிச் சீட்டு அல்ல, மற்ற நிபந்தனைகளையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த டைல்ஸ் பில், மதிப்பு ₹1,10,000, ஐஜிஎஸ்டி ₹19,800. பில் தேதி மே 30. லாரி மதுரைக்கு வந்தது ஜூன் 4. சரக்கு வந்து சேராமல் ஐடிசி எடுக்கக் கூடாது. ஆகவே இது மே மாதத்துக்கு உரியதல்ல, ஜூனுக்கு உரியது. ரிஜிஸ்டரில் ஜூன் மாதம் எண்ட்ரி போட்டிருப்பதும் சரியே. ஒரே பில்லுக்குச் சரக்கு பல தவணையாக வந்தால், கடைசித் தவணை வந்த பிறகுதான் எடுக்க முடியும்.

முதலாளியின் காருக்குப் பழுது பார்த்த பில், மதிப்பு ₹20,000, வரி ₹3,600. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறக்கூடிய பயணிகள் வாகனம், அதன் காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் இப்படிப்பட்ட கடைக்கு 17(5)இன் கீழ் தடுக்கப்பட்டவை. கணக்கர் இதைச் செலவோடு சேர்த்து எழுதிவிட்டதால் ஐடிசி ரிஜிஸ்டரில் இல்லை. அது சரி. ஆனால் கடையின் பதிவு எண்ணைக் கொடுத்திருந்ததால் 2பியில் வந்திருக்கிறது.

₹12,000 மதிப்பு, ₹2,160 வரி உள்ள ஒரு பில், பெயரே கேள்விப்படாத சப்ளையரிடமிருந்து. கடையில் யாரும் அப்படி எதுவும் வாங்கவில்லை. வேறு யாருக்கோ போட வேண்டியதை நம் எண்ணில் போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு கிரெடிட் நோட், மதிப்பு ₹10,000, வரி ₹1,800. பெயிண்ட் கம்பெனி கொடுத்த தள்ளுபடி. நம் ரிஜிஸ்டரில் இல்லவே இல்லை. ஏஜென்ட் கையில் கொடுத்த தாள் கல்லாப்பெட்டியில் கிடந்தாலும் கணக்குக்கு வரவில்லை. இது நம் ஐடிசியைக் குறைக்கும். எண்ட்ரி போட வேண்டும்.

நான்காவது வேலை: ஐஎம்எஸ்

2024 அக்டோபர் 14 முதல் போர்ட்டலில் ஐஎம்எஸ் என்ற பகுதி இருக்கிறது. சப்ளையர் ஏற்றிய ஒவ்வொரு பில்லுக்கும் `Accept`, `Reject`, `Pending` என்று மூன்றில் ஒன்றை நாம் குறிக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். 3பி போடும்வரை இதை மாற்றலாம். 14ஆம் தேதிக்குப் பிறகு மாற்றினால் 2பியை மறுபடி கணக்கிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் 3பியில் பழைய தொகையே வந்து நிற்கும்.

நமக்குச் சம்பந்தமில்லாத ₹2,160 பில்லை `Reject` செய்யலாம். இந்த ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். கார் பழுது பில் நம்முடையதுதான், வரி எடுக்க முடியாது என்பது நம் பக்கத்துச் சங்கதி. அதை நிராகரித்தால் சப்ளையரிடம் தவறு இருப்பதாக ஆகிவிடும். கிரெடிட் நோட்டையும் ஐடிசி குறைகிறதே என்று நிராகரிக்கக் கூடாது. அந்த வரி சப்ளையர் தலையில் மறுபடி ஏறும், உறவும் கெடும்.

டைல்ஸ் பில்லை `Pending` என்று வைத்தால் அது மே 2பியிலிருந்து வெளியேறி, சரக்கு வந்து நாம் ஏற்ற மாதத்தில் 2பிக்கு வரும். அல்லது ஏற்றுக்கொண்டு, 3பியில் காட்டித் திருப்பிவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் எடுக்கலாம். சில பில்கள் மட்டுமே உள்ள சிறிய கடைக்கு `Pending` எளிது. ஆனால் அதை மறக்காமல் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டாவது வழியில் போர்ட்டலே திருப்பிய தொகைக்குத் தனிக் கணக்கு வைக்கிறது. அதனால் புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன். இங்கேயும் அந்த வழியிலேயே போகிறேன்.

ஐந்தாவது வேலை: 3பியில் எழுதுவது

அந்நியப் பில்லை நிராகரித்து 2பியை மறுபடி கணக்கிட்டதும், அது ₹1,74,060இலிருந்து ₹1,71,900 ஆகிறது. 3பியின் 4ஆம் அட்டவணையில் இது இப்படி இறங்கும்:

| கட்டம் | என்ன | தொகை |
|---|---|---|
| 4(A)(5) | 2பியின்படி, கிரெடிட் நோட் கழித்து | ₹1,71,900 |
| 4(B)(1) | கார் பழுது, நிரந்தரமாகத் திருப்புவது | ₹3,600 |
| 4(B)(2) | வந்து சேராத டைல்ஸ், பின்னால் எடுக்கப்போவது | ₹19,800 |
| 4(C) | நிகர ஐடிசி | ₹1,48,500 |

4(B)(1)க்கும் 4(B)(2)க்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் போட்டது போனது போனதுதான். இரண்டாவதில் போட்டது மீண்டும் எடுக்க உரிமையுள்ளது. டைல்ஸை முதலாவதில் போட்டுவிட்டால் போர்ட்டலின் மீள்கோரல் கணக்கில் அது ஏறாது, அடுத்த மாதம் எடுக்கும்போது எச்சரிக்கை வரும். கார் பில்லை இரண்டாவதில் போட்டால், என்றைக்காவது யாராவது அதை எடுத்துவிட வாய்ப்பு திறந்தே இருக்கும்.

4(A)(5)இல் நேராக நிகரத் தொகை ₹1,48,500ஐப் போட்டுவிடுவது குறுக்குவழியாகத் தெரியும். 4(C)இல் வரும் விடையும் அதுதான். ஆனால் டைல்ஸ் தொகைக்கு எந்தத் தடயமும் இருக்காது. 2பியின் தொகையை முழுதாகக் காட்டி, பிறகு திருப்ப வேண்டும் என்பதுதான் 2022 ஜூலையில் வந்த 170ஆம் எண் சுற்றறிக்கை சொன்ன முறை.

இப்போது ரிஜிஸ்டர் பக்கத்திலிருந்தும் அதே எண்ணுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். ₹1,66,500இலிருந்து காலாண்டுக்காரரின் ₹10,800, தவறான எண்ணில் ஏறிய ₹5,400, எண்ட்ரி போடாத கிரெடிட் நோட் ₹1,800 மூன்றையும் கழியுங்கள். ₹1,48,500. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண்ணுக்கு வந்தால்தான் ஒத்துப்பார்ப்பு முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் எங்கோ ஒரு பில் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது.

அடுத்த மாதத்துக்கு எடுத்துச்செல்வது

எடுக்காமல் நிறுத்திய ₹10,800ஐயும் ₹5,400ஐயும் டாலியில் "2பியில் வராத ஐடிசி" என்று ஒரு தனி லெட்ஜருக்கு மாற்றிவிடுங்கள். டைல்ஸுக்கு ஜூனில் எண்ட்ரி போடும்போது அது வழக்கமான உள்ளீட்டு வரி லெட்ஜருக்கே போகும். இப்படிச் செய்தால் உள்ளீட்டு வரி லெட்ஜரின் பாக்கி, போர்ட்டலில் உள்ள எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரின் பாக்கியோடு மாதா மாதம் சேரும். சேராத மாதத்தில் தவறு எந்த மாதத்தில் நடந்தது என்று தேடி ஓராண்டு பின்னால் போக வேண்டியதில்லை.

ஜூன் 3பியில் டைல்ஸின் ₹19,800ஐ 4(A)(5)இல், அந்த மாத 2பித் தொகையோடு சேர்த்துக் காட்டுங்கள். அதே தொகையை 4(D)(1)இலும் தகவலுக்காகக் காட்ட வேண்டும். இதனால் ஜூனில் 4(A)(5) 2பியைவிட ₹19,800 கூடுதலாக இருக்கும். அதற்குக் காரணம் 4(D)(1)இல் நிற்கிறது. காரணம் இல்லாமல் 2பியைவிட அதிகமாக எடுத்தால், வித்தியாசம் வரம்பை மீறும்போது டிஆர்சி-01சி என்ற அறிவிப்பு வரும். ஏழு நாட்களுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும் அல்லது விளக்கம் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாதபடி தடுக்கப்படும்.

ஜூன் ஒத்துப்பார்ப்பைத் தொடங்கும்போது, மேயில் சேராத ரிஜிஸ்டர் பில்களை `REG` தாளிலும், டைல்ஸ் பில்லை `2B` தாளிலும் மேலேயே ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மே பில் ஜூன் 2பியில் வரும்போது அது தானாகச் சேரும். மாதத்தை மாதத்தோடு மட்டும் ஒப்பிடுபவர்களுக்கு அதே பில் மேயிலும் சேராமல், ஜூனிலும் சேராமல் இரண்டு மாதமும் வித்தியாசமாகவே நிற்கும்.

2பியில் வந்தும் கைக்கு வராதவை

2பியில் `ITC Availability` என்ற பத்தியில் `No` என்று சில வரிகள் இருக்கும். பக்கத்துப் பத்தியில் காரணம் இருக்கும். அடிக்கடி வருவது வெளிமாநில ஹோட்டல் பில். மதுரைக் கடைக்காரர் பெங்களூரில் தங்கினால் அந்த ஹோட்டல் சிஜிஎஸ்டியும் கர்நாடக எஸ்ஜிஎஸ்டியும் போடும். தமிழ்நாட்டுப் பதிவில் அதை எடுக்க முடியாது. சப்ளையர் மேல் தவறில்லை, அவரிடம் ஐஜிஎஸ்டி பில் கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

எடுத்த பிறகு திருப்ப வேண்டி வருவதும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்த ஐடிசியை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்ததும் மறுபடி எடுக்கலாம். மாதா மாதம் பார்ட்டி பாக்கிப் பட்டியலை நாள்வாரியாக எடுத்து 150 நாட்களைத் தாண்டியவற்றைக் குறித்துவைத்தால் போதும். இன்னொன்று, சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டு 2பியில் காட்டிவிட்டு, 3பி போடாமல் வரியைக் கட்டாமல் இருப்பது. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30க்குள் அவர் அந்த 3பியைப் போடாவிட்டால், நவம்பர் 30க்குள் நாம் அதைத் திருப்ப வேண்டும். போர்ட்டலில் எவரும் ஒரு ஜிஎஸ்டிஎன்னைத் தேடி, அவர் எந்தெந்த மாத ரிட்டர்ன் போட்டிருக்கிறார் என்று பார்க்கலாம். பெரிய தொகைக்கு வாங்கும் சப்ளையர்களையாவது செப்டம்பரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள்

2025 மே மாதப் பில் 2025–26 நிதியாண்டைச் சேர்ந்தது. அதன் ஐடிசியை எடுக்க 2026 நவம்பர் 30 வரை, அல்லது அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் போடும் நாள் வரை, இதில் எது முன்னதோ அதுவரைதான் நேரம். நடைமுறையில் இன்னும் முன்பே முடிந்துவிடுகிறது. நவம்பர் 20க்குள் போடும் அக்டோபர் 3பிதான் மாதாந்திரக் கடைக்குக் கடைசி வாய்ப்பு. அதில் எடுக்க, பில் நவம்பர் 14 அன்று வரும் 2பியில் இருக்க வேண்டும். அதற்கு மாதாந்திர சப்ளையர் நவம்பர் 11க்குள் ஏற்றியிருக்க வேண்டும். ஆகவே தவறான எண்ணில் ஏறிய அந்த ₹5,400 பில்லுக்கு அண்ணாச்சியிடம் கேட்டு நிற்பதை நவம்பர்வரை இழுக்காமல், ஜூலை 2பியிலும் வராவிட்டால் அடுத்த பில்லுக்குக் கொடுக்கும் பணத்தில் அந்த வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, "2பியில் வந்ததும் தருகிறோம்" என்று எழுத்தில் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு மாதமும் அந்த எக்செல் கோப்பு, இறக்கிய 2பி, நிராகரித்த பில்லின் விவரம், சப்ளையருக்கு அனுப்பிய செய்தி, வெளிமாநிலச் சரக்குக்கு லாரி ரசீதின் நகல் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் மாதப் பெயரிட்டு வைத்துவிடுங்கள். 4(B)(2)இல் போட்ட ₹19,800 எங்கிருந்து வந்தது என்று இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால், எடுத்துக் காட்ட வேண்டியது ஜூன் 4 தேதியிட்ட அந்த லாரி ரசீதைத்தான்.